அப்பாவின் மனையும் 2001-ஆம் வருஷத்து விலையும்

திருச்சி புறநகரில் அப்பா 1985-ல் மாதத் தவணை கட்டி ஒரு கிரவுண்ட் மனை வாங்கினார். மொத்தம் 48,000 ரூபாய். வீடு கட்டாமலே காலம் ஓடிவிட்டது. அம்மாவுக்குப் பின் 2015-ல் அப்பாவும் போய்விட, மனை எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக வந்தது. 2024 நவம்பரில் 60 லட்சத்துக்கு விற்றோம். என் பங்கு 30 லட்சம்.

பணம் வந்த அன்றே வரி பற்றிய பேச்சும் வந்துவிட்டது. "நமக்குச் சும்மா வந்த சொத்துக்கா. செலவே இல்லை, 30 லட்சமும் லாபம்தான்" என்றான் தம்பி. அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனாரோ, "அப்பா இறந்த அன்று மனை என்ன விலையோ, அதுதான் உங்க அடக்க விலை அண்ணி" என்றார். 2015-ல் என் பாதி 20 லட்சம் போயிருக்கும். அப்படியானால் லாபம் வெறும் 10 லட்சம். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

ஆடிட்டர் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் சொல்றது அமெரிக்கச் சட்டம்மா. இங்கே சொத்து கைக்கு வரும்போது வரி இல்லை. ஆனா விற்கும்போது, உங்க அப்பா இடத்துல நீங்க நிற்கிறீங்க. அவர் வாங்கின விலைதான் உங்க விலை. அவர் வாங்கின தேதியிலிருந்தே காலமும் கணக்கு."

அப்படியென்றால் என் பங்குக்கு 24,000 ரூபாய்தானா? அங்கேதான் ஒரு சலுகை இருந்தது. 1.4.2001-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், பழைய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அதற்காக சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்தேன். எங்கள் மனைக்கு 2001-ல் சதுர அடிக்கு 300 ரூபாய். 2,400 சதுர அடிக்கு 7,20,000. என் பாதி 3,60,000.

ஆடிட்டர் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டார். முதலாவது, 30 லட்சத்தில் 3,60,000 கழித்தால் லாபம் 26,40,000. அதற்கு 12.5 சதவீதம் என்றால் 3,30,000. இரண்டாவது, விலைவாசி உயர்வைச் சேர்ப்பது. 2001-ல் 100 ஆக இருந்த குறியீடு நான் விற்ற வருஷத்தில் 363. எனவே அடக்க விலை 13,06,800 ஆகிறது. லாபம் 16,93,200 ஆகக் குறைகிறது. ஆனால் வரி 20 சதவீதம், அதாவது 3,38,640. 23.7.2024-க்கு முன் கைக்கு வந்த நிலம், வீட்டுக்கு இந்த இரண்டில் குறைவான வரியைக் கட்டினால் போதும். எனக்கு முதல் கணக்குதான் குறைவு. அதன்மேல் 4 சதவீதம் செஸ் உண்டு.

அடுத்தது வரியை மிச்சப்படுத்தும் வழி. தம்பிக்கு ஏற்கெனவே இரண்டு வீடுகள். அதனால் வீடு வாங்கிச் சலுகை பெற முடியாது. அவன் '54இசி' பத்திரங்களில் போட்டான். அதில் லாபத்தை மட்டும் போட்டால் போதும். விற்ற ஆறு மாதத்துக்குள், 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருஷம் எடுக்க முடியாது.

நான் இன்றுவரை வாடகை வீட்டுவாசி. என் பெயரில் ஒரு வீடும் இல்லை. மனையை விற்று வீடு வாங்கும்போது லாபத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற தொகை முழுவதையும் போட்டால்தான் முழு விலக்கு. மகள் படிப்புக்கு 10 லட்சம் வைத்துக்கொண்டு, 20 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு போட்டதால், லாபத்திலும் மூன்றில் இரண்டு பங்குக்கு விலக்கு. மீதி 8,80,000-க்கு வரி 1,10,000. செஸ் சேர்த்து 1,14,400.

இதில் ஒரு தப்பு நடக்க இருந்தது. வீடு வாங்க இரண்டு வருஷம் டைம் இருக்கிறதே என்று பணத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே விட்டிருந்தேன். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வீடு முடியாவிட்டால், அந்தப் பணத்தை வங்கியில் 'கேபிடல் கெயின்ஸ் அக்கவுன்ட்' என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வீடே வாங்கினாலும் அந்தப் பணத்துக்கு விலக்கு கிடைப்பது சிக்கல்தான். ஆடிட்டர் போன் போட்டு விரட்டியதால் கெடு முடிவதற்குள் கணக்கைத் திறந்தேன்.

ஃபிளாட் என் பெயரில் பதிவாகிவிட்டது. மூன்று வருஷத்துக்குள் விற்றால் விலக்கு பறிபோய்விடும் என்றார் ஆடிட்டர். அப்பா தவணை கட்டி வாங்கியதில் கிடைத்த வீடு. விற்கிற எண்ணம் எனக்கு இல்லை.