‘முந்துங்கள்!’ முதலில் யாருக்காகச் சொன்னது?

துணிக்கடைக் கண்ணாடியில் பண்டிகையின் பெயர் மாறும், தள்ளுபடி எண் மாறும், படத்தில் நிற்கும் நடிகை மாறுவார். மாறாத ஒரு சொல் உண்டு: ‘முந்துங்கள்!’ பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பொங்கலுக்கும் அதுதான், ஆடிக்கும் அதுதான். ராயபுரத்தில் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதுதான். பெரம்பூர்ப் பக்கத்து மாலில் ஆள் உயரக் கண்ணாடியில் அதையே சிவப்பு ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறார்கள். பண்டிகைக்கு முன்னால் சீக்கிரம் வந்து வாங்கு என்று வாடிக்கையாளரை விரட்டும் இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள், எதற்காகத் தொடங்கினார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது கல்மண்டபம் பக்கம் பேனரும் ஸ்டிக்கரும் அடிக்கும் ஒரு கடைக்கு. அதை நடத்தும் அண்ணன் ஒரு காலத்தில் தூரிகை பிடித்துக் கடைப் பலகை எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு மிஷின் வாங்கினார். ‘முந்துங்கள்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குச் சிரித்தார். “அது எங்கேருந்து வந்துச்சின்னு எனக்குத் தெரியாது சார். ஆனா ஏன் போகலைன்னு தெரியும். ஒரே வார்த்தை. நடந்துக்கினே படிச்சிடலாம்.”

அந்தக் கணக்கை அவரே விளக்கினார். சாதாரண நடையில் ஒருவர் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் போவார். டிஸ்ப்ளே கண்ணாடியின் அகலம் நான்கு மீட்டர் என்றால் மூன்று நொடியில் கடந்துவிடுவார். அந்த மூன்று நொடியிலும் பாதி நேரம் கண் பொம்மை போட்டிருக்கும் புடவை மேல்தான் இருக்கும். எழுத்துக்குக் கிடைப்பது ஒன்று அல்லது ஒன்றரை நொடி. அதில் மூன்று சொல்லைப் படிக்கலாம். நான்காவது சொல்லை எழுதுவது கடைக்காரரின் திருப்திக்கு மட்டும்தான் என்பது அவர் கட்சி.

எழுத்தின் உயரத்துக்கும் தொழிலில் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம். இது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் தமிழுக்கு இவர் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார். காரணத்தை ‘முந்துங்கள்’ என்ற அதே சொல்லைத் திரையில் போட்டுக் காட்டினார். ஆறு எழுத்து, அதில் மூன்றுக்குப் புள்ளி. மெல்லிய எழுத்துருவில் வெட்டினால் இருபது அடி தள்ளி நிற்பவருக்குப் புள்ளிகள் மறைந்து ‘முநதுஙகள’ என்று தெரிகிறது. தடித்த எழுத்துருவில் வெட்டினால் புள்ளி தெரிகிறது. ஆனால் ‘மு’, ‘து’ இரண்டின் வளைவுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடிமனைப் பிடித்து, புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்றே மேலே தள்ளி வைத்தார். கீழே இன்னொரு வரி இருந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் உகரக் குறியும் கீழ் வரியின் ‘தீ’யும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

கண்ணாடிக்கென்று தனித் தொல்லையும் உண்டு. வெயில் படும் நேரத்தில் கடைக்குள் இருட்டாக இருந்தால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். தெருவும் பஸ்ஸும் அதில் தெரியும், கறுப்பு எழுத்து தெரியாது. அதனால் வெள்ளைத் தளம் வைத்து அதன்மேல் நிறம் ஏற்றுகிறார். உள்பக்கம் ஒட்டுவது என்றால் எழுத்தை இடவலம் புரட்டி அச்சடிக்கிறார். ஒட்டும் முன் காகித மாதிரியை எதிர்ச் சுவரில் மாட்டி, டீ கொண்டுவரும் பையனை நிற்காமல் நடந்து போகச் சொல்லி, என்ன படித்தாய் என்று கேட்பார். பையன் சொல்லாததையெல்லாம் வெட்டிவிடுவார்.

ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தைக் காட்டினார்: “தீபாவளித் திருநாளை முன்னிட்டு எங்கள் அன்பு வாடிக்கையாளர்களுக்கு அனைத்து ரகங்களுக்கும் 30% வரை சிறப்புத் தள்ளுபடி, இன்றே வருகை தாரீர்.” பையன் திருப்பிச் சொன்னது ‘தீபாவளி’, ‘30%’ இரண்டு மட்டும். கண்ணாடிக்குப் போனது ‘தீபாவளி 30% வரை! முந்துங்கள்!’ அதில் ‘வரை’யைச் சின்னதாக்கச் சொல்லிக் கடைக்காரர் கேட்டாராம். இவர் மறுத்துவிட்டார். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகள், ஒரு வாக்குறுதியைக் கட்டுப்படுத்தும் குறிப்பு அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. இவர் அதைப் படித்தவர் இல்லை. “நாளைக்கு சண்டைன்னா கஸ்டமர் கடைக்குத்தானே வருவான்” என்று மட்டும் சொன்னார்.

சொல் ஏன் நிலைத்தது என்பது புரிந்தது. எங்கிருந்து வந்தது என்பதைத் தேடி நூலகத்துக்குப் போனேன். பழைய தீபாவளி மலர்களில் துணிக்கடை விளம்பரங்கள் ஈஸிசேரில் சாய்ந்து படிப்பவருக்காக எழுதப்பட்டவை. சாவகாசமான வாக்கியங்கள். அங்கிருந்து கடைத்தெரு விளம்பரத்தின் வரலாற்றைச் சொல்லும் ஆங்கிலப் புத்தகங்களுக்குத் தாவினேன். அங்கேதான் நான் எதிர்பார்க்காத பெயர் ஒன்று வந்தது: ஃப்ளாரன்ஸ் கெல்லி.

கெல்லி வியாபாரி இல்லை. 1893இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளராக இருந்தவர். 1899 முதல் 1932இல் இறக்கும் வரை தேசிய நுகர்வோர் சங்கத்தை நடத்தியவர். பெயரில் நுகர்வோர் இருந்தாலும் அந்தச் சங்கத்தின் கவலை தொழிலாளர்களைப் பற்றியது. வாங்குகிறவர்கள் மனம் வைத்தால் விற்கிறவர்களின், செய்கிறவர்களின் பாடு குறையும் என்பது அதன் நம்பிக்கை. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கப் பெரிய கடைகளின் விற்பனைப் பெண்கள் இரவு வெகுநேரம் வரை நின்றார்கள். பொட்டலம் கொண்டுபோகும் சிறுவர்கள் குளிரில் நள்ளிரவுவரை அலைந்தார்கள். 1903 டிசம்பரில் கெல்லி இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடைசி நாட்களில் குவியாதீர்கள், முன்கூட்டியே வாங்குங்கள் என்பது அவரும் அவர் சங்கமும் மக்களிடம் வைத்த கோரிக்கை.

ஆக, பண்டிகைக்கு முந்தச் சொன்ன அந்தக் குரல் கடை ஊழியர்களுக்காக எழுந்தது. கடைகள் அதை உடனே பிடித்துக்கொண்டன. சீக்கிரம் வாங்கச் சொன்னால் விற்பனைக் காலம் நீளுமே! முதல் உலகப் போர்க் காலத்தில், 1918இல், அமெரிக்க அரசே அதைக் கையில் எடுத்தது. பண்டிகைக்கென்று கடைகள் கூடுதல் ஆள் எடுக்கக் கூடாது, மக்கள் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று பரப்பி வாங்க வேண்டும் என்றது. போர் முடிந்தது. அழைப்பு மட்டும் விளம்பரத்தில் தங்கிவிட்டது.

நம்மூர்க் கடைக்காரர் யாரும் கெல்லியைப் படித்துவிட்டு ‘முந்துங்கள்’ எழுதவில்லை. ஸ்டாக் தீர வேண்டும் என்ற அவசரம் எந்த ஊரிலும் அதே சொல்லைத்தான் எழுதவைக்கும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது விழுந்துவிட்டது என்று தெரிகிறது. கெல்லியின் வேண்டுகோளில் ‘யாருக்காக’ என்பது இருந்தது. நடந்துகொண்டே படிக்கும் மூன்று சொல்லில் அதற்கு இடமில்லை.

வடசென்னையில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு சிக்கல். இங்கே முந்துவதற்குக் கையில் காசு வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி ஆலைகளில் தீபாவளித் துணி போனஸில் வருகிறது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் தரச் சொன்னது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு மாதச் சம்பளம். கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்பது அந்தச் சட்டம் தந்த கெடு. மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிக்கு நவம்பர் முடிய நேரம் இருக்கும். தீபாவளிக்கு முன்னால் கொடுப்பது பேச்சுவார்த்தையால் வந்த வழக்கம். அந்தப் பேச்சுவார்த்தை இழுத்தால் பணம் பண்டிகைக்குச் சில நாள் முன்புதான் கைக்கு வரும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதற்கும் பிறகு. காலடிப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை எத்தனை கண்ணாடியில் ‘முந்துங்கள்’ என்று ஒட்டினாலும், போனஸ் விழுந்த மறுநாள்தான் எம்.சி. ரோடு நிரம்புகிறது.

அந்தக் கூட்டத்தின் பாரம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்கள் மேல் விழுகிறது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி தாண்டக் கூடாது என்றது. அந்த நேரம் முழுக்க நிற்க வேண்டுமா, உட்காரலாமா என்பதைப் பற்றி அதில் அப்போது பேச்சில்லை. கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்றது. வாய்ப்பு எப்போது கிடைக்கும்? கூட்டம் குறைந்தால்தான்.

திரும்ப அண்ணன் கடைக்குப் போய்க் கெல்லி கதையைச் சொன்னேன். “நல்ல விஷயம்தான். மூணு வார்த்தைல எழுதிக் குடு சார்” என்றார். ‘ஊழியர் நலனுக்காக முந்துங்கள்’ என்று எழுதினேன். பையன் நடந்துவிட்டு ‘முந்துங்கள்’ மட்டும் சொன்னான். ‘காலையில் வாங்க! 10% கூடுதல்’ என்று மாற்றினோம். பையன் ‘காலை’, ‘10%’ இரண்டையும் சொன்னான். காரணத்தை அவன் படிக்கவில்லை, படிக்கவும் தேவையில்லை. கூட்டம் காலைக்கும் மாலைக்கும் பிரிந்தால் நாற்காலியில் உட்கார அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கும். கடைக்காரர் தரத் தயாராக இருந்தால் எழுதுவதற்குக் கண்ணாடியில் இடம் இருக்கிறது.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையில் காசு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையை விட்டுவிட்டு, வார நாளில் காலையில் கடைக்குப் போங்கள். போனால் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் மேனேஜரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் அதைக் கேட்கச் சட்டத்தின் துணை இருக்கிறது.