விடுதலும் விட்டுக்கொடுத்தலும்

ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்றால் கொடு; ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்து ‘கிவ் அப்’ என்று ஆகும்போது அங்கே கொடுத்தலும் இல்லை, மேலே என்பதும் இல்லை. ஒன்றை விட்டுவிடுதல் என்னும் புதுப்பொருள் பிறக்கிறது. அவ்வாறே ‘புட்’ என்றால் வை. அதனோடு ‘ஆஃப்’ சேர்ந்தால், ஒரு செயலைப் பின்னொரு நாளுக்குத் தள்ளுதல் என்று பொருள்படும். ஒரு வினையும் ஒரு சிறுசொல்லும் கூடிய இத்தகைய தொடரை ஆங்கில இலக்கணத்தில் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர்.

தமிழில் இத்தகைய சிறுசொற்கள் இல்லை. தமிழ் அந்த வேலையைப் பெரும்பாலும் இன்னொரு வினையைக் கொண்டு செய்கிறது. விட்டு என்பதோடு விடு சேர்ந்தால் விட்டுவிடு. கொடு சேர்ந்தால் விட்டுக்கொடு. தள்ளி என்பதோடு போடு சேர்ந்தால் தள்ளிப்போடு; வை சேர்ந்தால் தள்ளிவை. இந்தி பேசும் ஊர்களில் வளரும் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. ‘சோட் தேனா’ என்னும்போது ‘தேனா’ என்பதன் கொடுத்தற்பொருள் மறைந்து, விடும் செயல் முடிந்தது என்பதே தோன்றுகிறது. ‘விட்டுவிடு’ என்பதில் இரண்டாவதாக நிற்கும் ‘விடு’வும் அத்தகையதே.

ஆயினும் எந்த இடத்தில் எந்த வினை பொருந்தும் என்பதை அகராதி மட்டும் சொல்லிவிடாது. போபாலில் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தியின் வீட்டிற்குத் திருநெல்வேலியிலிருந்து அவளுடைய பாட்டி வந்திருந்தார். அவருக்குக் கண்புரை அறுவை செய்ய நாள் குறித்திருந்தனர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்ததால் மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அறுவை இரண்டு வாரத்திற்குப் ‘புட் ஆஃப்’ செய்யப்பட்டது என்றும், மாத்திரைகளைக் ‘கிவ் அப்’ செய்யலாகாது என்றும் அதில் எழுதியிருந்தது.

“ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள், பாட்டி” என்றாள் மாணவி.

பாட்டியின் முகம் வாடியது. “அப்படியென்றால் இனிமேல் எனக்குப் பார்வை திரும்பாதா, கண்ணு?” என்று கேட்டார்.

அம்மா கடிதத்தை வாங்கிப் படித்தார். “நிறுத்தவில்லை, அத்தை. இரண்டு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள்” என்றார். பாட்டிக்கு மூச்சு வந்தது.

அடுத்த வரியை மாணவி கவனத்தோடு சொன்னாள்: “மாத்திரைகளை விட்டுக்கொடுக்கக் கூடாதாம், பாட்டி.”

“என் மாத்திரையை யார் வந்து கேட்டார்கள், விட்டுக்கொடுக்க?” என்று பாட்டி சிரித்தார். பிறகு மாணவியே திருத்திக்கொண்டாள்: “மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதாம்.”

இங்கு ஒன்றை நோக்க வேண்டும். ‘நிறுத்து’ என்னும் சொல் அறுவைக்குப் பொருந்தவில்லை, மாத்திரைக்குப் பொருந்தியது. அறுவை மீண்டும் நடக்க இருப்பது. அதை நிறுத்தியதாகச் சொன்னால் இனி இல்லை என்றாகிவிடும். மாத்திரையோ நாள்தோறும் தொடர்வது. தொடர்வதைத்தான் நிறுத்த முடியும். ‘விட்டுக்கொடுத்தல்’ என்பதற்கோ பெற்றுக்கொள்ள எதிரே ஒருவர் வேண்டும்.

எனவே ‘கிவ் அப்’ என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவது பயன்தராது. விடப்படுவது எது, யாருக்காக விடப்படுகிறது என்று கேட்டால் சொல் தானே வரும். ஒருவர் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டார். பேருந்தில் ஓர் இளைஞன் முதியவருக்கு இருக்கையை விட்டுக்கொடுத்தான். தேடப்பட்ட திருடன் காவல்நிலையத்தில் சரணடைந்தான். விடுகதைக்கு விடை தெரியாத சிறுவன், “தோற்றுவிட்டேன், நீயே சொல்” என்றான். நான்கும் ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ என்று வரக்கூடியவையே.

‘புட் ஆஃப்’ என்பதும் அவ்வாறே. கூட்டத்தையும் வழக்கையும் ஒத்திவைப்பர். வீட்டுப்பாடத்தை ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று தள்ளிப்போடுவர். இதில் சோம்பலின் சாயல் உண்டு. அறுவையைத் தள்ளிவைக்கலாம், ஆனால் ஒரு குடும்பத்தை ஊரார் தள்ளிவைத்தனர் என்றால் அவர்களை ஒதுக்கினர் என்று பொருள். உணவின் நாற்றம் ஒருவரைப் ‘புட் ஆஃப்’ செய்தால், அங்கே தள்ளுவதற்கு நாள் ஏதும் இல்லை. அவருக்கு உண்ண மனம் வரவில்லை என்பதே தமிழ்.

மொழிபெயர்த்தபின் ஆங்கிலத் தொடரை மறைத்துவிட்டுத் தமிழ்த் தொடரை மட்டும் வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் படித்துக்காட்டுக. அவர் கேட்டுப் புரிந்துகொண்டது ஆங்கிலத்தில் உள்ளதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க. வேறாக இருப்பின், மாற்ற வேண்டியது பெரும்பாலும் அந்த வினையே.