300 எம்பிபிஎஸ் லைன், மாட்டு வண்டி டவுன்லோடு

எச்சரிக்கை: கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. கணக்கு வரும், ஆனா வகுத்தலுக்கு மேல ஒண்ணும் கிடையாது. பயப்படாம படிங்க :-)

பாஸ்டன்ல நான் இருக்கற வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் போட்டா முள்ளு முழுசா அந்தப் பக்கம் சாயும். ஆனா என் தீஸிஸுக்கான டேட்டா இருக்கறது சென்னையில, ஒரு ஆய்வகத்தோட சர்வர்ல. ஒவ்வொண்ணும் 1 ஜிபின்னு 40 ஃபைல், மொத்தம் 40 ஜிபி. இறக்கிக்க அவங்களே ஒரு சின்ன பைத்தான் ஸ்க்ரிப்டும் குடுத்திருந்தாங்க. ஓட விட்டா விநாடிக்கு 260 கிலோபைட்டுக்கு மேல நகரவே இல்லை. அந்த வேகத்துல 40 ஜிபி இறங்க 42 மணி நேரம் ஆகும். இன்னும் 30 மணி நேரத்துல கரண்ட் வேலைக்காக சர்வரை நிறுத்தப் போறோம், திரும்ப எப்ப வரும்னு தெரியாதுன்னு அங்கிருந்து மெயில் வந்தாச்சு. எனக்கு அடுத்த வாரம் கைடுகிட்ட ரிசல்ட் காட்டணும்.

ரூம்மேட் சொன்னது: "இன்டர்நெட்காரன் ஏமாத்தறான்டா, காசைத் திருப்பிக் கேளு." சென்னை நண்பன் சொன்னது: "மச்சி, எங்க சைடு எல்லாம் சூப்பரா இருக்கு, உன் லைன்தான் டப்பா." ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. லைன் ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல இருந்த தூரமும், ஒரு சின்ன நம்பரும் சேர்ந்து பண்ணின வேலை அது.

முதல்ல தூரத்தைப் பார்ப்போம்.

```
ping -c 10 <server>
```

எனக்கு வந்த பதில் சுமார் 250 மில்லிசெகண்ட். அதாவது இங்கேருந்து ஒரு பாக்கெட் சென்னை போய், பதில் திரும்பி வர கால் விநாடி. இதைக் காசு குடுத்துக் குறைக்க முடியாது. ஃபைபருக்குள்ள ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். பாஸ்டனுக்கும் சென்னைக்கும் காக்கா பறக்கிற வழியிலேயே சுமார் 13,000 கிலோமீட்டர். போக வர 130 மில்லிசெகண்ட் அதுக்கே போயிடும். நிஜத்துல கேபிள் கடலுக்கடியில சுத்தி வளைச்சு வருது, நடுவுல எத்தனையோ ரவுட்டர். 300 எம்பிபிஎஸ்னு விக்கிறது ரோட்டோட அகலத்தைத்தான். ரோடு எவ்வளவு நீளம்னு அதுல இல்லை.

சரி, தூரம் இருந்தா என்ன, வரிசையா அனுப்பிக்கிட்டே இருக்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அங்கதான் டிசிபி வருது.

சென்னையில ஒரு மண்டிக்காரர் லாரியில மூட்டை அனுப்பறார்னு வைங்க. வாங்கறவரோட குடோன்ல 64 மூட்டைக்குத்தான் இடம். அதனால 64 மூட்டை ரோட்டுல இருந்தா, 'வந்து சேர்ந்தது'ன்னு சீட்டு வர்ற வரைக்கும் 65-வது மூட்டையை அவர் ஏத்த மாட்டார். ரோடு எட்டு வழிச்சாலையா இருந்தாலும் லாரியெல்லாம் சும்மா நிக்கும். குடோன் பக்கத்துத் தெருவுல இருந்தா சீட்டு உடனே வந்துடும், பிரச்சினையே தெரியாது. ஆயிரம் மைல் தள்ளி இருந்தா நாள் முழுக்கக் காத்திருப்புதான்.

அந்தக் குடோன் இடத்துக்குப் பேர்தான் டிசிபி விண்டோ. வாங்கற கம்ப்யூட்டர் ஒவ்வொரு பதில்லயும் 'இன்னும் இவ்வளவு பைட் அனுப்பலாம்'னு சொல்லும். பதில் வராம வழியில இருக்கிற டேட்டா அதைத் தாண்டக் கூடாது. ஆக ஒரு சுற்றுக்கு ஒரு விண்டோ, அவ்வளவுதான்:

```
speed = window / RTT
65536 bytes / 0.25 s = 262144 bytes/s
```

விநாடிக்கு சுமார் 260 கிலோபைட். மெகாபிட் கணக்குல 2.1 எம்பிபிஎஸ். என் திரையில தெரிஞ்ச அதே நம்பர்! இந்தக் கணக்குல லைன் ஸ்பீடு எங்கேயுமே இல்லை பாருங்க. 300-ஐ 1000 ஆக்கினாலும் இதே 260-தான் வந்திருக்கும்.

அதென்ன 64 கிலோபைட்? 1981-ல டிசிபி வரையறை எழுதினப்போ விண்டோ சைஸுக்கு 16 பிட் ஒதுக்கினாங்க, அதுல எழுத முடிஞ்ச பெரிய எண் 65,535. அந்தக் காலத்து லைன்களுக்கு அது தாராளம். பின்னாடி பத்தாம போச்சு. 1992-ல ஆர்.எஃப்.சி. 1323 மூலமா விண்டோ ஸ்கேலிங் வந்துச்சு. இணைப்பு தொடங்கற கைகுலுக்கல்லயே 'நான் சொல்ற எண்ணை இத்தனை தடவை இரட்டிப்பாக்கிப் படி'ன்னு ரெண்டு பக்கமும் பேசி வச்சுக்கும். அதிகபட்சம் 14 தடவை, கிட்டத்தட்ட 1 ஜிபி வரைக்கும் போகலாம். இன்னைக்கு லினக்ஸ், விண்டோஸ் எல்லாமே தேவைக்கேத்த மாதிரி விண்டோவைத் தானே பெருசாக்கிக்கும்.

அப்புறம் ஏன் எனக்கு மட்டும் 64? ஸ்க்ரிப்டைத் திறந்து பார்த்தேன். நடுவுல ஒரு வரி:

```python
sock.setsockopt(socket.SOL_SOCKET,
                socket.SO_RCVBUF, 65536)
```

குடோன் சைஸை இப்படிக் கையால குறிச்சுட்டா, லினக்ஸ் அந்த இணைப்புக்குத் தானா பெருசாக்கற வேலையை நிறுத்திடும். எழுதினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. அவங்க கேம்பஸுக்குள்ள சுற்று நேரம் 1 மில்லிசெகண்ட்னு வச்சாலும், இதே 64 கிலோபைட் விநாடிக்கு 65 மெகாபைட் குடுக்கும். பறக்குதுன்னுதான் தோணும்.

கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணினேன். நாலு டெர்மினல்ல நாலு ஃபைலை ஒரே நேரத்துல இறக்கினேன். லைன் குறுகலா இருந்தா 260-ஐ நாலும் பங்கு போட்டிருக்கணும். ஆனா ஒவ்வொண்ணும் தனித்தனியா 260-லயே ஓடுச்சு. நாலு இணைப்புன்னா நாலு குடோன். ஆக லைன் குத்தவாளி இல்லைன்னு உறுதியாச்சு. எட்டு டெர்மினல் போட்டாலே ஐந்தேகால் மணி நேரத்துல வேலை முடியும். டவுன்லோடு மேனேஜர்கள் ஒரு ஃபைலைப் பல துண்டாப் போட்டு இழுக்கறதோட ரகசியமும் இதேதான். ஸ்பீடு டெஸ்ட் நல்ல நம்பர் காட்டறதுக்கும் காரணம் இதேதான். அது பக்கத்து ஊர் சர்வரோட, பெரும்பாலும் பல இணைப்புல பேசும்.

அப்புறம் அந்த வரியை எடுத்துட்டு ஒரே ஒரு இணைப்புல ஓட விட்டேன். முதல் ரெண்டு மூணு விநாடி மெதுவா ஏறி, 8 மெகாபைட் கிட்ட போய் நின்னுச்சு. 40 ஜிபியும் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இறங்கிடுச்சு. ஆரம்ப மெதுவுக்கும் காரணம் தூரம்தான். டிசிபி எடுத்த உடனே 10 பாக்கெட் மட்டும் அனுப்பும், சுற்றுக்கு ஒரு தடவை இரட்டிப்பாக்கும். 2 மெகாபைட் வழியில ஓடற அளவுக்கு வர ஏழெட்டு சுற்று, அதாவது எனக்கு ரெண்டு விநாடி. 1 ஜிபி ஃபைல்ல இது தெரியாது. 50 கிலோபைட் ஃபைல் ஆயிரம் இருந்தா, ஒவ்வொண்ணும் வேகம் எடுக்கறதுக்குள்ளயே முடிஞ்சுடும். அப்படி இருந்தா எல்லாத்தையும் ஒரே டார் ஃபைலாக் கட்டி இறக்குங்க.

விண்டோவைப் பெருசாக்கறது எல்லாத்துக்கும் மருந்தும் இல்லை. வழியில பாக்கெட் தொலைஞ்சா டிசிபி நெரிசல்னு நினைச்சு வேகத்தைக் குறைச்சுக்கும், தூரத்து இணைப்புல திரும்ப ஏற ரொம்ப நேரம் பிடிக்கும். இதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது? விண்டோ தடுத்தா வேகம் ஒரே நம்பர்ல கோடு போட்ட மாதிரி நிக்கும். பாக்கெட் தொலைஞ்சா ரம்பப் பல்லு மாதிரி ஏறி ஏறி விழும்.

அதனால அடுத்த தடவை தூரத்து சர்வர் நகராம படுத்தினா, கஸ்டமர் கேருக்கு போன் போடறதுக்கு முன்னாடி, கிடைக்கிற வேகத்தை பிங் நேரத்தால பெருக்கிப் பாருங்க. 64 கிலோபைட் மாதிரி ஒரு முழு எண் வந்து நின்னா, தேட வேண்டிய இடம் கேபிள் இல்லை, குடோன். உங்களுக்கு என்ன நம்பர் வருதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே!