ஊற்றுவதற்கு முன் ஒரு பட்டியல்

சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்ப்பதை ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்த சிறு குழுவோடு ஒரு சிற்பக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஸ்தபதியின் பேட்டி முன்பே முடிந்திருந்தது. மறுநாள் காலை உலோகம் ஊற்றுகிறார்கள். இயக்குநரும் எடிட்டரும் ஒளிப்பதிவாளரும் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பேட்டியைக் கேட்டார்கள், திரையைப் பார்க்கவில்லை.

"முகத்தைப் பார்த்தா எல்லாமே வேணும்போல இருக்கும் சார்," என்றார் எடிட்டர்.

உலோகம் பதத்துக்கு வருவதைப் பற்றி ஸ்தபதி நான்கு நிமிடம் பேசியிருந்தார். இடையில் செம்பு விலை, தம்பியின் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போய்வந்தது. படத்துக்கு வேண்டியது 50 விநாடிதான். வேண்டாததை வெட்டி ஒட்டினால் மூன்று இடங்களில் அவர் தலை துள்ளும். அந்த மூன்று மூட்டுகளையும் மறைக்க வேறு காட்சி வேண்டும். இயக்குநர் நோட்டில் மூட்டை ஒட்டிய வாக்கியத்தை ஒரு பக்கமும், அதற்கான ஷாட்டை எதிர்ப்பக்கமும் எழுதினார். மெழுகு உருகிப் போன வழியில்தான் உலோகம் இறங்கும் என்ற இடத்துக்கு, வரட்டித் தீயில் சுட்ட மண் அச்சிலிருந்து மெழுகு சொட்டுவது. அச்சில் ஈரம் இருந்தால் உலோகம் தெறிக்கும் என்ற இடத்துக்கு, அச்சைத் தடவிப் பார்க்கும் கை. தீயின் நிறம் பார்த்தே பதம் சொல்வேன் என்ற இடத்துக்கு அவருடைய கண். உதவியாளின் கண் உதவாது.

பிறகு எழுதியதை, எது மறுபடி கிடைக்காதோ அது முதலில் என்று வரிசைப்படுத்தினார்கள். அரம் போடுவதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மெழுகு வடிவதும் உலோகம் ஊற்றுவதும் ஒரு சிலைக்கு ஒருமுறைதான். அதனால் ஊற்றும்போது ஒரு கேமரா ட்ரைபாடில் அசையாமல் முழுதையும் எடுக்கும், இன்னொன்று நெருங்கிப் போகும் என்று முடிவானது. எந்த ஷாட்டும் பத்து விநாடிக்குக் குறையக்கூடாது. படத்தில் நான்கு விநாடிதான் வரும் என்றாலும், செயல் தொடங்கி முடிவது தெரிந்தால்தான் எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது என்று எடிட்டரால் தேர்ந்தெடுக்க முடியும். துருத்தி, உளிச் சத்தங்களைத் தனியாகப் பதிந்தார்கள். முகம் திரையில் இருக்கும்போதே உளிச் சத்தம் கேட்கத் தொடங்கினால், அடுத்து வரும் கை ஒட்டுப்போட்டதாகத் தெரியாது.

அப்பா வார்த்த சிலை ஒன்று பிளந்துபோனதைச் சொல்லும்போது ஸ்தபதி பேச்சை நிறுத்தியிருந்தார். அங்கே 'முகம் மட்டும்' என்று குறிப்பு. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். மறைக்கக் காட்சி கையில் இருக்கிறது என்பதற்காக அந்த மௌனத்தின்மேல் எதையாவது போட்டு மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒளிப்பதிவாளர் கோபுரத்தையும் சூரிய உதயத்தையும் எடுத்துவைத்தார். யாரும் தடுக்கவில்லை, பட்டியலிலும் சேர்க்கவில்லை.

ஊற்றி முடிந்த மாலை நோட்டைச் சரிபார்த்தபோது ஈரம் பார்க்கும் கை மட்டும் இல்லை. அச்சை அதற்குள் குழிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். கூடத்தில் காய்ந்துகொண்டிருந்த வேறொரு அச்சு அதைவிடச் சிறியது. ஸ்தபதியிடம் கேட்டு, அவர் கை அதைத் தடவுவதை எடுத்தார்கள். விரலும் மண்ணும் மட்டும் தெரிய, அச்சின் விளிம்பு சட்டத்துக்குள் வராதபடி.