கடைசி ஆவணம்

நெல்லியடியில் எங்களுக்குக் கணிதம் படிப்பிச்ச சேர் பென்சன் எடுத்து ஆறு வருசம். போன வருசம் ரீச்சருக்குப் பித்தப்பையில கல்லெண்டு சத்திரசிகிச்சை நடந்தது. தனியார் ஆஸ்பத்திரிக்குக் கட்டின காசைத் திருப்பித் தரவேண்டிய காப்புறுதிக் கொம்பனி நாலு மாதமாகத் தரவுமில்லை, மறுக்கவுமில்லை. முதலில் பில்லின் மூலப்பிரதி கேட்டார்கள். பிறகு ஸ்கான் ரிப்போட். பிறகு டயக்னோசிஸ் காட்டில் டொக்டரின் முத்திரை தெளிவில்லையாம்.

ஆங்கிலத்தில் இருந்த பொலிசியை வாசிக்கத்தான் சேர் எங்களைக் கூப்பிட்டார். ஒரு சீ.ஆர். கொப்பியில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் விளக்கம். எங்களுக்குப் பழகின அதே கையெழுத்து. இரண்டாம் நாளே தாமதத்தின் காரணம் பிடிபட்டது. 'தேவையான கடைசி ஆவணம் கிடைத்து முப்பது நாளுக்குள்' காசு தரப்படும் என்று இருந்தது. புதிசா ஒரு கடதாசி கேட்டால் அந்த முப்பது நாள் திரும்ப முதலிலிருந்து தொடங்கும்!

"அப்ப கடைசி எதெண்டு அவையைச் சொல்ல வைக்கவேணும்" என்றார் சேர். தேவையான எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுத்தில் கேட்டுப் பதிவுத்தபால் போட்டோம். பட்டியல் வந்ததும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கட பிரதியில் திகதி முத்திரை வாங்கினோம்.

அதுக்குப் பிறகுதான் உண்மையான காரணம் போனில் வந்தது. "கல் ஒரு நாளில உண்டாகாது, இது முந்தியே இருந்த வருத்தம்."

சேர் கொப்பியைத் திறந்தார். 'முன்பிருந்த நோய்', 'காத்திருப்புக் காலம்' இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இந்தப் பொலிசியில் முன்பிருந்த நோய் என்றால், பொலிசி தொடங்க முதல் அறிகுறி தெரிந்தோ, கண்டுபிடிக்கப்பட்டோ, மருந்தெடுத்தோ இருக்கவேணும். சத்தமில்லாமல் கிடந்த கல் அதில் அடங்காது. (சில பொலிசிகளில் தெரியாமல் இருந்திருந்தாலும் அடங்கும். அவரவர் பொலிசியின் வரைவிலக்கணத்தைத்தான் பார்க்கவேணும்.) காத்திருப்புக் காலம் வேறு. பித்தப்பைக் கல்லுக்கு அது இரண்டு வருசம். பொலிசி 2021 யூனில் தொடங்கியது, முதல் ஸ்கான் 2024 ஓகஸ்டில். ஆனால் இடையில் கட்டுப்பணம் தவறிப் பொலிசி காலாவதியாகிப் புதுப்பித்திருந்தால், அந்த இரண்டு வருசமும் புதுப்பித்த நாளிலிருந்து திரும்ப எண்ணப்படும் என்று இன்னொரு பந்தி சொன்னது. சேர் பிஸ்கட் பேணியிலிருந்து ரசீதுகளை எடுத்து அடுக்கினார். ஒன்றும் தவறவில்லை.

அடுத்த கடிதத்தில் ஒரே கேள்வி: எந்தப் பந்தியின்படி மறுக்கிறீர்கள், எழுத்தில் தாருங்கள். அந்தப் பதில் கையில் இருந்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதுக்குக் காசும் இல்லை. கொம்பனியிடம் முதலில் முறைப்பட்டிருக்கவேணும்.

எழுத்தில் மறுப்பு வரவில்லை. மூன்று கிழமையில் காசு வந்தது, அறை வாடகையில் கொஞ்சம் வெட்டுப்பட்டு. நாளாந்த உச்சவரம்பு இருந்ததால் வெட்டினது சரி என்று சேர் ஒப்புக்கொண்டார். ஆனால் ரீச்சர் படுத்தது மூன்று இரவு, அவர்கள் எண்ணினது இரண்டு.

"காணும், விடுங்கோவன்" என்கிறா ரீச்சர். சேர் எங்களிடம் இன்னொரு நீளத் தபாலுறை வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.