ரெண்டு பேருமே பால்ஃபர்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தியிடமிருந்து போன். வழக்கமாக வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறவர் நேராகக் கூப்பிட்டால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். "பாப்பா காலேஜ்ல டி.சி. வாங்கிட்டு வரேங்குதுப்பா. சித்தப்பாவும் பி.ஏ. தமிழ் சேத்துவிட்டுடலாம்னு சொல்றாரு. நீ ஒரு வார்த்தை பேசு" என்றார்.

பாப்பா என்பது வீட்டுப் பெயர். பதினெட்டு வயசு. மன்னார்குடி பக்கத்தில் அரசுப் பள்ளி, ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். பிளஸ் டூவில் 600க்கு 541. ஐந்து வருடச் சட்டப் படிப்பில் இடம் கிடைத்ததும் தெருவுக்கே கேசரி கொடுத்தார்கள். அதற்குள் நாலு மாசத்தில் டி.சி.யா?

அவளிடம் பேசினேன். முதலில் "ஒண்ணுமில்லண்ணா" என்றாள். அப்புறம்தான் வந்தது. ஒப்பந்தச் சட்டப் பேப்பரில் உள்தேர்வு. பால்ஃபர் எதிர் பால்ஃபர் வழக்கின் விவரமும் தீர்ப்பும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். மனைவி ஜெயித்தார் என்று முடித்திருக்கிறாள். பத்துக்குப் பூஜ்யம். பேப்பரைக் கொடுக்கும்போது ஆசிரியர் அந்தக் கடைசி வரியை வகுப்பில் சத்தமாகப் படித்துவிட்டு, "தீர்ப்பையே மாத்தி எழுதிட்டாங்க மேடம்" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"நான் கைடுல படிக்கலண்ணா. முழு ஜட்ஜ்மென்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்துப் படிச்சேன். ஒரு பக்கத்துக்கு நாலு மணி நேரம் ஆச்சு. அதுல மனைவிதான் ஜெயிக்கிறாங்க. நான் படிச்சேன்."

அந்த "நான் படிச்சேன்" எனக்கு உறுத்தியது. ஜெராக்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

நான் சாப்ட்வேர் ஆள், சட்டம் தெரியாது. ஆனால் பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் பேந்தப் பேந்த விழித்தவன். அதனால் அவளுடைய பென்சில் எழுத்துகளைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. கஷ்டமான வார்த்தைகள் எல்லாவற்றுக்கும் அகராதி பார்த்துச் சரியான அர்த்தம் எழுதியிருந்தாள். அந்த மனைவிக்கு வந்த முடக்குவாதம், அவர் பெற்ற ஜீவனாம்ச உத்தரவு, எதுவும் தப்பில்லை. தப்பு முழுக்க ஏற்கனவே தெரியும் என்று நினைத்த சின்ன வார்த்தைகளில் இருந்தது. 'ஹெல்ட்' என்ற இடத்தில் 'பிடித்தார்'. 'ஆக்‌ஷன்' என்றால் 'செயல்'. கோர்ட்டில் அது வழக்கு. 'லேர்னட் ஜட்ஜ்' என்பதற்குக் 'கற்றுக்கொண்ட நீதிபதி'. 'கன்சிடரேஷன்' என்ற இடத்திலெல்லாம் 'பரிசீலனை' என்று எழுதியிருந்தாள். ஒப்பந்தச் சட்டத்தில் அந்த வார்த்தைக்குப் பரிசீலனையோடு சம்பந்தமே இல்லை. ஒரு வாக்குறுதிக்கு மாற்றாக எதிராளி தருவது அல்லது செய்வது அது. தமிழ்ச் சட்டப் புத்தகங்களில் மறுபயன் என்று போடுகிறார்கள். ஒரு பக்கத்தில் ஐந்து முறை 'பரிசீலனை' என்று எழுதிப் படித்தால் யாருக்குத்தான் புரியும்?

வார்த்தைகளைத் திருத்திக்கொள்வது சுலபம். ஆனால் மனைவி ஜெயித்தார் என்று அவள் எழுதியதற்குக் காரணம் வார்த்தை இல்லை. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஞாயிறு ஆனது.

வழக்கு இதுதான். பால்ஃபர் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறையின் இயக்குநர். 1900இல் கல்யாணம். 1915இல் லீவில் இங்கிலாந்துக்கு வருகிறார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் அங்கேயே இருக்கச் சொல்கிறார். 1916 ஆகஸ்டில் கணவர் மட்டும் கப்பல் ஏறுகிறார். போகும்போது, நீ வந்து சேரும்வரை மாசம் 30 பவுண்டு தருகிறேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார். பிறகு பிரிந்தே இருப்போம் என்று கடிதம் எழுதிவிடுகிறார். 1918இல் மனைவி அந்த 30 பவுண்டைக் கேட்டு வழக்குப் போடுகிறார். (கணவன் கொழும்புக்குப் பக்கம், மனைவி லண்டனுக்குப் பக்கம், நடுவில் மாசப் பணம். நம்மில் பல வீடுகளில் திசை மட்டும்தான் மாறியிருக்கும்.)

நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த இங்கிலாந்துக் குடும்பச் சண்டை இந்தியாவில் முதல் வருஷப் பாடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், சட்டப்படி கட்டுப்பட வேண்டும் என்ற நோக்கம் இரு தரப்புக்கும் இருக்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க இந்தத் தீர்ப்பைத்தான் எடுக்கிறார்கள்.

முதல் சிக்கல் தலைப்பிலேயே. ரெண்டு பேருமே பால்ஃபர். தீர்ப்புக்குள்ளே போனால் வாதி, பிரதிவாதி, மேல்முறையீட்டாளர், எதிர்மேல்முறையீட்டாளர் என்று நாலு பேர் வருகிறார்கள், இருப்பது என்னவோ இரண்டு பேர். ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: கீழ்க்கோர்ட்டில் மனைவி வாதி. அங்கே தோற்ற கணவர் மேலே போனதால் மேல்கோர்ட்டில் அவர் மேல்முறையீட்டாளர், மனைவி எதிர்மேல்முறையீட்டாளர். தாளைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். கீழ்க்கோர்ட்ல மனைவி ஜெயிச்சாங்களா?"

அங்கேதான் இருந்தது விஷயம். அந்த வழக்கறிக்கை, மேல்கோர்ட் நீதிபதிகள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, சார்ஜன்ட் என்ற கீழ்க்கோர்ட் நீதிபதி என்ன முடிவு செய்தார் என்று சொல்லிவிடுகிறது. மனைவி அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்ததே போதுமான மறுபயன், ஆகவே ஒப்பந்தம் செல்லும் என்பது அவர் முடிவு. அந்த இடத்தைத்தான் பாப்பா இரண்டு பக்கத்துக்கு விரிவாக எழுதியிருந்தாள். அவள் எழுதியது ஒரு நீதிபதியின் தீர்ப்புதான். ஆனால் ரத்து செய்யப்பட்ட தீர்ப்பு.

ஏன் அப்படிப் படித்தாள் என்று யோசித்தபோதுதான் இன்னொன்று பிடிபட்டது. தமிழில் எவ்வளவு நீளமான வாக்கியமாக இருந்தாலும் கடைசியில் "என்று கீழ்க்கோர்ட் நீதிபதி சொன்னார்" என்று வந்து நிற்கும். யாருடைய கருத்து என்பது வாக்கியம் முடியும்போது நம் கையில் இருக்கும். ஆங்கிலத் தீர்ப்பில் அது தலைகீழ். நீதிபதி முடிவு செய்தார் என்பது முதல் நாலு வார்த்தையில் வந்து போய்விடும், பிறகு ஆறு வரிக்கு அவர் சொன்னது ஓடும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அகராதி பார்த்து ஆறாவது வரிக்கு வருவதற்குள், யார் சொன்னது என்பது மறந்துபோயிருக்கும். மிச்சம் இருப்பது ஆறு வரி சட்டம் மட்டும். அது கோர்ட்டின் குரலாகவே கேட்கும்.

(என் மகள் இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பதும் இதேதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. நரி சொன்னதா காகம் சொன்னதா என்று வரி முடியும்வரை அவளுக்குத் தெரியாது. பாதியிலேயே விட்டுவிடுவாள்.)

அதனால் பென்சிலால் அர்த்தம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் "என்று யார்?" என்று மட்டும் எழுதச் சொன்னேன். எழுதினாள். முதலில் அறிக்கை எழுதியவர், பிறகு சார்ஜன்ட், பிறகு கணவரின் வக்கீல், மனைவியின் வக்கீல். இவ்வளவு பேர் பேசி முடித்த பிறகுதான் மேல்கோர்ட்டின் மூன்று நீதிபதிகள்: வாரிங்டன், டியூக், அட்கின். பெயருக்குப் பின்னால் இருக்கும் எல்.ஜே. இனிஷியல் இல்லை, பதவி என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு பழக்கம் என் வேலையிலிருந்து கொடுத்தது. புரோகிராமில் எரர் வந்தால் நாங்கள் பெரும்பாலும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்போம். தீர்ப்பிலும் கடைசி வரிக்குப் போ என்றேன். போனாள். மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது என்று இருந்தது. "அனுமதிச்சாங்கன்னா, இனிமேதான் விசாரிப்பாங்களா?" என்று கேட்டாள். இல்லை, மேல்முறையீடு செய்தவர் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம். தாளைப் பார்த்தாள். செய்தவர் கணவர்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அந்தம்மா தோத்துட்டாங்க" என்றாள், யாரோ சொந்தக்காரர் மாதிரி.

அடுத்த ஞாயிறு அட்கின் எழுதியதைப் படித்தோம். இரண்டு பேர் சேர்ந்து நடக்கப் போகலாம் என்று பேசிக்கொண்டால் அது ஒப்பந்தமா என்று அவர் கேட்கிற இடம் அவளுக்கு உடனே புரிந்தது. கணவன் மனைவிக்குள் பேசிக்கொள்வதெல்லாம் வழக்கானால் கோர்ட்டுகளை நூறு மடங்கு பெருக்க வேண்டியிருக்கும் என்கிறாரே, அதற்குச் சிரித்தாள். ஆனால் வீடு என்பது ராஜாவின் ரிட் ஓடாத எல்லை என்ற மாதிரி ஒன்று சொல்கிறார். "ரிட்னா ஹைகோர்ட்ல போடுவாங்களே அதுவாண்ணா? அது எதுக்கு ஓடுது?" நானும் தேடித்தான் சொன்னேன். ரிட் என்றால் அரசரின் பெயரால் கோர்ட் அனுப்பும் உத்தரவு, ஓடுவது என்றால் செல்லுபடியாவது. வீட்டுக்குள் கோர்ட் நுழையாது, அவ்வளவுதான். அதைச் சொன்னதும், "நல்லாச் சொன்னாரு. அந்த வீட்டுக்குள்ளதான அந்தம்மாவை விட்டுட்டுப் போயிட்டாரு" என்றாள். பத்துக்குப் பூஜ்யம் வாங்கிய பெண் நீதிபதியோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு பக்கத்துக்கு நாலு மணி நேரம் என்பது ஒன்றரை மணி நேரமாகியிருக்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் இன்னும் குரல் நடுங்குகிறதாம். டி.சி. பேச்சை "செமஸ்டர் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டிருந்தாள். அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றம் வேறு சட்டம் செய்யும்வரை சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான். அவள் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஜனவரியில் ஒருநாள் ராத்திரி அவளே கூப்பிட்டாள். மெரிட் எதிர் மெரிட், 1970. மறுபடியும் ரெண்டு பேருக்கும் ஒரே பெயர். கணவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். பிறகு காரில் உட்கார்ந்து பேசி, மாசம் 40 பவுண்டு தருகிறேன், அதிலிருந்து வீட்டுக் கடனைக் கட்டு, கட்டி முடித்தால் வீட்டை உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மனைவி கட்டி முடித்ததும் மாட்டேன் என்றுவிட்டார்.

"கடைசி வரிய மொதல்ல பாத்தேன். தள்ளுபடின்னு இருந்துச்சு. ஐயோ இந்தம்மாவும் தோத்துட்டாங்களான்னு நெனச்சேன். அப்பறம் தாளை எடுத்து மேல போனது யாருன்னு பாத்தேன்."

"யாரு?"

"புருஷன்தான். அவரு மேல்முறையீடுதான் தள்ளுபடி. வீடு அந்தம்மாவுக்கு" என்றாள். "இவங்க பிரிஞ்சதுக்கு அப்பறம் பேசினாங்க, எழுதியும் வாங்கிட்டாங்க. அதனால இது வேற, பால்ஃபர் வேறன்னு கோர்ட் சொல்லுது. நான் சொல்லல, கோர்ட்டுதான்." பிறகு, "சரிண்ணா, வைக்கிறேன். டென்னிங் முடிச்சாச்சு, இன்னும் ரெண்டு ஜட்ஜ் இருக்காங்க" என்று வைத்துவிட்டாள்.