சம்பளத் துண்டுல ஒரு 400

2025 மார்ச் மாதம் அம்மாவின் சம்பளத் துண்டில் வீடமைப்புச் சங்கத்துக்கான கழிவு 150 ரூபாயிலிருந்து 400 ரூபாயாக மாறியிருந்தது. யாரும் சொல்லவில்லை, கடிதமும் வரவில்லை. ஆபீஸ் சுவரில் சிங்களத்தில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தார்கள். அதில் "நடத்து காஸ்து" 400 என்று இருந்தது. பராமரிப்புக் கட்டணத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். பக்கத்து வீட்டு மாமா அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, "என்னத்த நடத்துறாங்களாம்?" என்று கேட்டார். கேள்வி சரியானதுதான்.

தேயிலைக் கொழுந்தும் ரப்பர் பாலும் கலந்து கிடக்கிற கேகாலைப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. பேர் வேண்டாம். 86 வீடுகள். தோட்டங்களில் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் எப்படி வந்தன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. அதே வருசம் வீடமைப்பையும் நலன்புரியையும் பார்க்க ஒரு நிதியம் உண்டானது. இப்போது அதன் பேர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். வீட்டுக் கடனைக் கொடுக்கவும் திரும்ப அறவிடவும் தோட்டத்துக்குத் தோட்டம் இந்தச் சங்கங்களை உருவாக்கினார்கள். கடன் முடிந்த பிறகும் சங்கம் இருக்கிறது. எங்களுடைய சங்கம் தண்ணி மோட்டார், குழாய், பாதை லைட் எல்லாவற்றையும் பார்க்கிறது. அதற்குத்தான் அந்த மாதக் காசு.

250 ரூபாய் பெரிய காசா என்று கேம்பஸ் நண்பி ஒருத்தி கேட்டாள். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அம்மாவின் ஒரு முழுப் பேரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மாதாமாதம் சும்மா போகிறது. ஆனால் எனக்கு உறுத்தியது அந்தக் கணக்கு இல்லை. 86 வீட்டுக்கும் சேர்த்துப் பெருக்கினால் முன்பு மாதம் 12,900 ரூபாய் வந்த இடத்தில் இப்போது 34,400 வருகிறது. மேலதிகமாக 21,500. ஒரு மோட்டாரும் நாலு பல்பும் இவ்வளவு சாப்பிடுமா?

சங்கத்தில் வாய்மொழியாகக் கேட்டபோது "கரண்ட் பில் கூடிப்போச்சு" என்றார்கள். நாட்டில் மின்கட்டணம் ஏறியது உண்மை. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு திரும்பி வந்தது. ஆனால் அப்போதெல்லாம் சங்கம் 150 ரூபாயில்தான் ஓடியது. 2024இல் கட்டணம் இரண்டு தடவை குறைந்தது. 2025 ஜனவரியில் இன்னும் 20 சதவீதம் குறைந்தது. ஜூனில் 15 சதவீதம் கூடியது, ஆனால் அது எங்கள் கழிவு ஏறி மூன்று மாதத்துக்குப் பிறகு. ஆக, கரண்ட் இறங்கிய அடுத்த மாதச் சம்பளத்தில் எங்கள் கட்டணம் ஏறியிருக்கிறது.

இதை அப்படியே கடிதத்தில் எழுதி "பொய் சொல்றீங்க" என்று முடிக்கச் சொன்னார் அப்பா. நான் எழுதவில்லை. அந்த சதவீதங்கள் எல்லாம் சராசரி. வீட்டு மீட்டருக்கு ஒரு கட்டணம், கைத்தொழிலுக்கு ஒன்று, பொதுத் தேவைக்கு இன்னொன்று. எங்கள் மோட்டார் எந்த வகையில் பதிவு என்று எங்களுக்குத் தெரியாது. சராசரியை வைத்து வாதாடினால் அவர்கள் ஒரு பில்லைக் காட்டி எங்களை உட்காரவைத்துவிடலாம். அந்தப் பில்லை நாங்களே கேட்டு வாங்குவதுதான் புத்தி.

"ஏன் கூட்டினீங்க?" என்று எழுதினால் "செலவு கூடிட்டு" என்று ஒரு வரியில் பதில் வரும். அத்தோடு கதை முடிந்துவிடும். எந்தத் தாள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று கேட்டால், ஒன்று தாள் வரவேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லவேண்டும். அதனால் கடிதம் இப்படி வந்தது:

"தலைவர், செயலாளர் அவர்கட்கு,

பராமரிப்புக் கட்டண உயர்வு தொடர்பாகக் கணக்கு விபரம் கோரல்.

ஐயா, 2025 பெப்ரவரி மாதச் சம்பளத்திலிருந்து எமது கழிவு 150 ரூபாயிலிருந்து 400 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இதற்கான பொதுக்கூட்ட அறிவித்தலோ காரணமோ எமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பின்வருவனவற்றின் பிரதிகளைத் தரும்படி, அல்லது ஒரு நாள் குறித்து அங்கத்தவர்கள் பார்வையிட அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்: உயர்வைத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கை, 2024 ஜனவரி முதல் இன்று வரையான காசுப் புத்தகம், அதே காலத்து வங்கிக் கூற்று, மோட்டாரின் மின்சாரப் பட்டியல்கள், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட செலவுகளின் பற்றுச்சீட்டுகள், தோட்டக் காரியாலயம் மாதாந்தம் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பிய தொகையின் பட்டியல்.

கணக்கு விளக்கப்படும் வரை பழைய 150 ரூபாயைத் தொடர்ந்து செலுத்த நாம் தயார். அதற்கு மேற்பட்ட தொகையைக் கழிப்பதற்கு நாம் எழுத்தில் சம்மதம் வழங்கவில்லை என்பதையும் அறியத் தருகிறோம்."

கடைசி வரி சும்மா போட்டதில்லை. 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைக்கூட தொழிலாளியின் சம்மதத்தோடுதான் சம்பளத்தில் பிடிக்கலாம். அம்மா பல வருசத்துக்கு முன்னம் ஒரு தாளில் கைநாட்டு வைத்ததாகச் சொல்கிறார். அதில் என்ன தொகை எழுதியிருந்தது என்பது வேறு கேள்வி. அதற்காகக் காசே கட்டமாட்டோம் என்று எழுதக்கூடாது. கட்டாவிட்டால் கதை கணக்கிலிருந்து விலகி, "நிலுவைக்காரங்க கேள்வி கேக்குறாங்க" என்று மாறிவிடும்.

அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகத் தெரிந்தது கடைசியாகக் கேட்டதுதான். செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்குக் காசு சம்பளத்தில் பிடிபடும். ஓய்வு பெற்றவர்கள், கொழும்பில் வேலை செய்கிறவர்கள் கையில் கட்டுவார்கள். எங்கள் லயங்களில் முதல் வகை 71 வீடு, இரண்டாம் வகை 15 வீடு. ஆபீஸ் பிடித்த தொகையும் கையில் கட்டிய தொகையும் சேர்ந்து சங்கத்தின் காசுப் புத்தகத்தில் வரவாக இருக்கவேண்டும், வங்கியிலும் விழுந்திருக்கவேண்டும். செலவுப் பக்கத்தில் யாரும் ஒரு பில் எழுதிக்கொள்ளலாம். வரவுப் பக்கத்தை மூன்று இடத்தில் ஒரே மாதிரி மாற்றுவது கஷ்டம்.

கையெழுத்துத்தான் பெரிய பாடு. "ஒப்பம் போட்டா பேரு கெட்டுரும் புள்ள," என்றார் பெரியம்மா. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சங்கமும் ஆபீசும் ஒரே கட்டடத்தில். கூரைத் தகரத்துக்கும் கடனுக்கும் அதே மேசைக்குத்தான் போகவேண்டும். அதனால் கையெழுத்துகளை வரிசையாக வாங்காமல் ஒரு வட்டமாகப் போடச் சொன்னோம். முதல் ஆள் யார் என்று தெரியாது. 33 பேர் போட்டார்கள். கணக்குப் பண்ணித்தான் அந்த எண்ணிக்கைக்கு அலைந்தோம். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில், அங்கத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தவேண்டும் என்று இருக்கிறது. 86இல் மூன்றில் ஒன்று என்றால் 29. இதில் வீட்டை எண்ணக்கூடாது, அங்கத்தவர் பதிவேட்டில் உள்ள பேரை எண்ணவேண்டும். எங்களில் இரண்டு வீட்டில் பதிவு இறந்துபோன தாத்தா பேரிலேயே இருந்தது. அவங்க கையெழுத்தைச் சேர்க்கவில்லை.

கடிதம் தமிழில். சிங்களப் பிரதி ஒன்றைக் கீழ் லயத்து அக்காவின் கணவர் எழுதித் தந்தார். அவர் கிராமத்துக்காரர், எங்களைவிட அவருக்குத்தான் கோபம். அரச அலுவலகத்துக்கு எழுதுவதென்றால் சிங்களப் பிரதி கட்டாயமில்லை. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமையைத் தருகிறது. சங்கம் அரச அலுவலகம் இல்லை, செயலாளருக்குத் தமிழ் வாசிக்கவும் வராது. வாசிக்க முடியாத கடிதம் லாச்சிக்குள் போய்விடும். இரண்டு பிரதி கொடுத்து ஒன்றில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்கினோம். முதலில் தயங்கினார், பிறகு போட்டார்.

12ஆம் நாள் கூட்டம் வைத்தார்கள். காசுப் புத்தகத்தை மேசையில் திறந்து வைத்தார்கள், நான் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். விசயம் இதுதான். டிசம்பரில் மோட்டார் எரிந்திருக்கிறது. கம்பி சுற்றி, பெயரிங் மாற்றி 65,000 ரூபாய் பில். பில் உண்மையானது, கடைக்காரரிடமே கேட்டோம். மின்சாரப் பட்டியலில் பெரிய மாற்றம் இல்லை.

அப்படியென்றால் கணக்கு எளிது. மேலதிகமாக வருகிற 21,500 மூன்று மாதத்தில் 64,500 ஆகிவிடும். பெப்ரவரி, மார்ச், ஏப்ரல். மே மாதச் சம்பளத்தில் கழிவு 150க்கு இறங்கவேண்டும். ஒரு தடவைச் செலவை மாதக் கட்டணமாக மாற்றியதுதான் இங்கே நடந்தது. அடுத்த மோட்டாருக்குச் சேமிப்பு வேண்டும் என்று தலைவர் சொன்னார். அது நியாயம்தான், ஆனால் சேமிப்பென்றால் தனியாகக் காட்டவேண்டும். கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு மே மாதத்திலிருந்து 220 என்று முடிவானது: 150 பராமரிப்பு, 70 சேமிப்பு, புத்தகத்தில் தனிப் பத்தி. அறிக்கையை அன்றைக்கே வாசித்துக் கையெழுத்துப் போட்டோம்.

வரவுப் பக்கம் இன்னும் தீரவில்லை. ஆபீஸ் பிடித்த 71 வீட்டுக் காசு புத்தகத்திலும் வங்கியிலும் சரியாக இருந்தது. கையில் கட்டுகிற 15 வீட்டில் 9 வீடுதான் எழுதப்பட்டிருந்தது. மிச்ச ஆறில் மூன்று வீட்டுக்காரர் தாங்கள் கட்டவே இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். இருவர் கட்டியதாகச் சொல்கிறார்கள், துண்டு இல்லை. பெரியம்மாவிடம் மட்டும் மார்ச் மாதத் துண்டு இருந்தது, 400 ரூபாய், கையெழுத்தோடு.

சங்கத்தின் கடைசிக் கணக்காய்வு அறிக்கையைக் கேட்டு மாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்துக்கு 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்திருக்கிறோம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் தீர்மானித்து அறிவிக்கவேண்டும். இந்த முறை முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது, வட்டம் வேண்டாமென்று அவங்களே சொல்லிட்டாங்க.